உறை மாறிய கடிதம்

இரண்டும் ஒரே காக்கி உறைகள். ஒன்றில் அந்த மாதச் சத்துணவுக் கணக்கு. ஒன்றிய அலுவலகத்துக்குப் போக வேண்டியது. மற்றொன்றில் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதிய விடுப்புக் கடிதம். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த இரவு அது. வாசலில் ஆம்புலன்ஸ் காத்திருக்க, சரஸ்வதி டீச்சர் அவசர அவசரமாக உறைகளை ஒட்டி, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாம் நாள், மதுரை பெரியாஸ்பத்திரியில் இருந்தபோது கைப்பேசி ஒலித்தது.

"டீச்சர், சத்துணவுப் பிரிவிலிருந்து பேசுகிறேன். உங்கள் விடுப்புக் கடிதம் என் மேசைக்கு வந்திருக்கிறது."

டீச்சருக்கு வயிறு கலங்கியது. விடுப்பை நினைத்து அல்ல. கையெழுத்துக்குக் கீழே, தனக்குப் பதிலாக வரப்போகிறவருக்காக நான்கு வரி எழுதியிருந்தார்:

'இரண்டாம் வகுப்பு மாரிச்செல்வம் முட்டையைச் சாப்பிடாமல் பைக்குள் வைத்தால் கண்டிக்க வேண்டாம். வீட்டில் மூன்று வயதுத் தங்கை இருக்கிறாள். அவன் இதைத் திருட்டு என்று நினைத்துப் பயப்படுகிறான். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுங்கள்.'

பள்ளியில் கொடுப்பதைப் பிள்ளைகள் பள்ளியிலேயே உண்ண வேண்டும். அதைக் கண்காணிக்கும் மேசைக்கே அந்த வரிகள் போயிருக்கின்றன. போன வருடம் 23 பிள்ளைகளுக்கு 24 முட்டை என்று தவறி எழுதியதற்குச் சிவப்பு மையால் வட்டமிட்டு, நேரில் வரவழைத்து விளக்கம் கேட்டவர் இந்த எழுத்தர்.

"முழுவதும் படித்தீர்களா சார்?"

"படித்தேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கடிதத்தை நானே எதிர்க் கட்டடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பத்து நாள் ஈட்டிய விடுப்பு. திங்கட்கிழமை முதல் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் மாற்றுப் பணியில் வருகிறார். அம்மாவைப் பாருங்கள் டீச்சர்."

அந்த நான்கு வரியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்க டீச்சருக்கும் தைரியம் வரவில்லை. அம்மாவின் காலை நீவிவிட்டபடி இரவுகளில் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

பணிக்குத் திரும்பிய அன்று மதியம் பந்தி வரிசையின் ஓரமாக நின்றார். மாரிச்செல்வம் முட்டையைத் தரையில் தட்டினான். நகத்தால் ஓட்டைப் பெயர்த்தான். உள்தோலில் ஒட்டிய ஒரு துணுக்கைக்கூட விடாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு உரித்தான்.

"தங்கைக்கு வேண்டாமா?" மெதுவாகக் கேட்டார்.

"அவளுக்கு அங்கன்வாடியில் தருகிறார்கள் டீச்சர். ஒரு சார் மொபெட்டில் வந்தார். அம்மாவிடம் ரொம்ப நேரம் பேசினார். அவரே கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்."

சொல்லிவிட்டு முட்டையை இரண்டாகப் பிட்டான். மஞ்சள் கரு சோற்றில் உதிர்ந்தது. ஒவ்வொரு துகளாகப் பொறுக்கித் தின்றான்; பை பின்னால் மூடியே கிடந்தது.