மல்லிகைக் குளிர் அறை நிறைவு விருந்தில் அண்ணாச்சிக்கு வாழ்த்து

அண்ணாச்சி, மதினி, அண்ணாச்சியின் மகள், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்திருக்கும் பூ விவசாயிகள், எங்கள் பட்டறைத் தம்பிகள், எல்லோருக்கும் வணக்கம்.

இலை போடச் சொல்லிவிட்டேன். கறிதோசையைச் சூடாகச் சாப்பிட வேண்டும். மதினிக்கும் மற்ற சைவக்காரர்களுக்கும் அந்தப் பக்கம் தனிப் பந்தி. அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் எனக்குக் கொடுங்கள். சாவியை ஒப்படைத்த அன்றைக்கே இதையெல்லாம் சொல்ல நினைத்தேன். அன்றைக்கே முதல் லோடு வாசலில் வந்து நின்றது, அண்ணாச்சி மூடையைப் பார்ப்பாரா என் பேச்சைக் கேட்பாரா?

பால், ஐஸ்கிரீம், காய்கறி, மருந்து என்று பலவற்றுக்கும் நாங்கள் குளிர் அறை கட்டியிருக்கிறோம். கட்டச் சொல்லி வருகிறவர்கள் முதலில் எத்தனை டன் என்பார்கள், அடுத்து எத்தனை டிகிரி, கடைசியில் எவ்வளவு ரூபாய். அண்ணாச்சி எங்கள் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்ததும் இதில் எதையும் கேட்கவில்லை. "தம்பி, மொதல்ல பூவப் பாருங்க. அறையப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார். பொழுது விடியுமுன் என்னையும் எங்கள் இன்ஜினியரையும் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். பெண்கள் டார்ச் வெளிச்சத்தில் மொக்கு பறிப்பதைப் பார்த்தோம். பறித்த பூ ஈரத்துணி மூடி மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போவதைப் பார்த்தோம். காலையில் இறுகி இருந்த மொக்கு சாயங்காலம் மலர்ந்துவிடுகிறது, மலர்ந்த பூவுக்குப் பெட்டியில் இடமில்லை. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போக வேண்டிய பூவுக்கு அந்த ஒரு பகல்தான் கெடு. இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்கள் இன்ஜினியர் பேப்பரில் கோடு போட்டார்.

இங்கே இருக்கிற தம்பிகளுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் விவசாயிகளுக்காகச் சொல்கிறேன். ஒரு அறையைக் குளிராக்குவது பெரிய காரியம் இல்லை. பூ காயாமல் குளிராக்குவதுதான் காரியம். உள்ளே குளிரைக் கொடுக்கிற குழாய்ச் சுருளைக் காயில் என்போம். அந்தக் காயில், அறையைவிட ரொம்பவும் குளிர்ந்து போனால், காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் தன் மேல் பனியாகப் பிடித்துக்கொள்ளும். ஈரம் இழந்த காற்று அதை எங்கே தேடும்? பூவிடம்தான். மொக்கு சுருங்கும், ஓரம் பழுக்கும், எடை இறங்கும். இதற்கு வழி, காயிலைப் பெரிதாகப் போட்டு, காயிலின் குளிருக்கும் அறையின் குளிருக்கும் வித்தியாசத்தைக் குறைப்பது. காற்றும் பூவின் மேல் நேராக அடிக்காமல் மெல்லச் சுற்றி வர வேண்டும். பெரிய காயிலுக்குச் செலவு கூடும். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகவே இருந்தது, ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலரும் "சின்னதே போதும், ஓட்டிக்கிடலாம்" என்பார்கள். அண்ணாச்சி சொன்ன பதிலை எங்கள் பட்டறையில் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறோம். "எடை கொறஞ்சா காசு போகும். வாசம் கொறஞ்சா பேரு போயிரும். பெருசே போடுங்க."

அந்தப் பேரு என்று அவர் சொன்னது தன் கடைப் பெயரை மட்டும் நினைத்து அல்ல என்று நான் நம்புகிறேன். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூரில் ஒரு பெட்டியைத் திறந்து மணத்தைப் பார்க்கிறவர் இந்த ஊரையே எடை போடுகிறார். அந்தப் பொறுப்பை ஒரு வியாபாரி தன் தலையில் எடுத்துக்கொண்டு செலவு செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

அண்ணாச்சியின் மகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். வரைபடத்தில் கதவு நேராக வெளி வராந்தாவுக்குத்தான் இருந்தது. ராத்திரி ஃப்ளைட்டுக்குப் பெட்டி ஏற்றும்போது கதவு எத்தனை தடவை திறக்கும் என்று அவர் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துத்தான் முன்னறை சேர்த்தோம். இப்போது பெட்டி கட்டும் வேலை முன்னறையிலேயே நடக்கிறது, வெளிச்சூடு உள்ளே வருவதில்லை. சித்திரை வெயிலில் அந்த முன்னறையின் அருமை தெரியும். அம்மா, அடுத்த அறை எங்கே கட்டினாலும் வரைபடத்தை முதலில் உங்களிடம்தான் காட்டப் போகிறோம்.

இன்னொன்று. பணத்தைப் பற்றி விருந்தில் பேசுவது வழக்கமில்லை, ஆனால் எங்களைப் போலச் சின்னப் பட்டறை நடத்துகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஒவ்வொரு ரன்னிங் பில்லும் சொன்ன தேதியில் வந்தது, ஒரு தடவைகூட நான் போன் போட்டுக் கேட்கவில்லை. வெல்டர், எலக்ட்ரீஷியன், பேனல் மாட்ட வந்த வடநாட்டுப் பையன்கள், எல்லோருக்கும் சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே கைக்குப் போனது அதனால்தான். மதினி தினமும் மதியம் சைட்டுக்கு ஒரு தூக்குவாளி மோர் அனுப்பினார். அந்தப் பையன்கள் தமிழில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை 'மோர்' என்று நம் சூப்பர்வைசர் சொன்னார். மதினி, அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

கடைசியாக, என் மனசுக்கு ரொம்பப் பிடித்தது. மார்கழி, தையில் பனி விழுந்து பூ குறைந்தால் விலை ஏறும், வாங்குகிறவர்கள் தேடி வருவார்கள். கோடையில் வரத்து குவியும்போதுதான் விவசாயிக்குக் கஷ்டம். சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டும், இல்லையென்றால் செண்ட் ஃபேக்டரி கொடுக்கிற விலைக்குத் தள்ளிவிட வேண்டும். அறையில் ஒரு பக்கத்து ரேக்குகளைச் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு ஒதுக்கி வைக்கப் போவதாக அண்ணாச்சி சொன்னார். எங்களுக்கு அது ஒப்பந்தத்தில் இல்லாத விஷயம், லாபக் கணக்கிலும் வராது. இன்றைக்குக்கூட இவர்கள் வராமல் விருந்து வேண்டாம் என்று சொன்னவரும் அவரே. ஐயா, உங்கள் பூவுக்காகக் கட்டிய அறை அது. நீங்கள் வந்து எங்களோடு உட்கார்ந்ததில் எங்களுக்குப் பெருமை.

மெஷின் சும்மா இருக்காது, கவனிப்புக் கேட்கும். முகூர்த்த நாளோ நள்ளிரவோ, கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறாவிட்டாலோ அலாரம் அடித்தாலோ, என் நம்பருக்கே கூப்பிடுங்கள் அண்ணாச்சி. ஆள் அனுப்புகிறேன் என்று சொல்ல மாட்டேன், நானே வருவேன்.

எல்லோர் கையிலும் பருத்திப்பால் டம்ளர் வந்துவிட்டதா? அந்தக் கடைசி மேசைக்கும் கொடுங்கப்பா.

எழுந்து நிற்போம். எங்களை நம்பி இந்த வேலையைக் கொடுத்த அண்ணாச்சிக்கும் மதினிக்கும் நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் அமையட்டும். அவர்கள் மகள் கையில் இந்த வியாபாரம் கடல் தாண்டி வளரட்டும். பூ போட்டவர்கள் வீட்டில் காசு தங்கட்டும். அண்ணாச்சி குடும்பத்துக்கு எங்கள் பட்டறையின் நன்றியும் வாழ்த்தும்!

குடியுங்கள், ஆறிவிடும். வாங்க அண்ணாச்சி, சாப்பிடலாம்.