உமிழ்நீர் அமைலேஸின் செயல்பாட்டில் வெப்பநிலையின் விளைவு: உயிரியல் ஆய்வறிக்கை

இடம்: பள்ளி ஆய்வுக்கூடம், சுங்கை சிப்புட், பேராக்

செய்முறை

ஒரே செறிவுள்ள மாவுச்சத்துக் கரைசலும் நீர்த்த உமிழ்நீரும் தனித்தனிச் சோதனைக் குழாய்களில் உரிய வெப்பநிலையை அடையும் வரை வைக்கப்பட்டு, பின்னர் ஒன்றாகக் கலக்கப்பட்டன. ஒவ்வொரு 30 விநாடிக்கும் ஒரு துளி எடுத்து, வெண்ணிற ஓட்டில் இருந்த அயோடினுடன் சேர்த்தோம். சூடான கரைசலில் மாவுச்சத்து இருந்தாலும் அயோடினின் கருநீலம் மங்கிவிடும் என்பதால், துளி ஓட்டில் ஆறிய பிறகே நிறத்தைக் குறித்தோம். உமிழ்நீருக்குப் பதிலாகக் காய்ச்சி வடித்த நீர் சேர்த்த குழாய்கள் ஒவ்வொரு வெப்பநிலையிலும் கட்டுப்பாடாக இருந்தன. அவற்றில் கருநீலம் கடைசி வரை மாறவில்லை.

பெறுபேறு

கருநீலம் மறைய 20 டிகிரி செல்சியஸில் 8 நிமிடமும், 30 டிகிரியில் 4 நிமிடமும், 37 டிகிரியில் 2.5 நிமிடமும், 50 டிகிரியில் 6 நிமிடமும் ஆயின. பனிக்கட்டி நீரில் இருந்த குழாயிலும் 65 டிகிரியில் இருந்த குழாயிலும் 20 நிமிடம் கடந்தும் நிறம் மறையவில்லை.

கலந்துரையாடல்

20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு உயர்ந்தபோது வினைவேகம் இரு மடங்கானது. வெப்பம் கூடினால் மூலக்கூறுகள் வேகமாக நகர்ந்து அடிக்கடி மோதுகின்றன என்று மட்டும் எழுதினால் இந்த உயர்வுக்குப் போதிய விளக்கம் ஆகாது. இந்த இடைவெளியில் மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல் 3 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக மட்டுமே கூடுகிறது. ஆனால், வினை நிகழத் தேவையான கிளர்வு ஆற்றலை எட்டும் மூலக்கூறுகள் எந்த நேரத்திலும் மிகச் சிறு பகுதியே. சராசரி சிறிதளவு உயர்ந்தாலும் அந்தச் சிறு பகுதி ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகுகிறது. நொதி, மாவுச்சத்தின் கிளைக்கோசைடு பிணைப்பு உடைவதற்கான கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது. வெப்பமோ அந்தக் குறைந்த தடையையும் தாண்டக்கூடியவற்றின் எண்ணிக்கையை உயர்த்துகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

37 டிகிரிக்கு மேலும் இதே விதிதான் செயல்படுகிறது. மாவுச்சத்தை உடைக்கும் வினை மேலும் விரைவாகவே நிகழ முனையும். ஆனால், அமைலேஸ் தன் வடிவத்தை இழப்பதும் ஒரு வினையே. அதற்கும் ஒரு கிளர்வு ஆற்றல் உண்டு. அது மிக உயர்ந்தது என்பதால், குறைந்த வெப்பத்தில் புறக்கணிக்கத்தக்க அளவில் இருக்கும் இந்த இழப்பு, ஓர் எல்லைக்குப் பின் திடீரென வேகமெடுக்கிறது. புரதச் சங்கிலியின் மடிப்பைத் தாங்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள், அயனிப் பிணைப்புகள், நீர்வெறுப்பு இடைவினைகள் ஆகிய வலுக்குறைந்த விசைகள் அதிர்வைத் தாங்காமல் அவிழ்கின்றன. செயல்மையம் உருக்குலைந்து, மாவுச்சத்துச் சங்கிலி அதில் பொருந்த முடியாமல் போகிறது. அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்புகள் இந்த வெப்பத்தில் உடைவதில்லை. ஆகவே, நொதி "சிதைந்து போனது" என்பதும், உயிரற்ற ஒரு புரதத்தை "இறந்துவிட்டது" என்பதும் பிழை. இயல்பிழந்தது என்பதே சரி. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு கெட்டியாவதும் இதே இயல்பிழப்பினால்தான்.

வரைபடத்தின் இரு முனைகளிலும் அயோடின் காட்டியது ஒரே கருநீலம், காரணங்களோ வேறு. இதை நிறுவவே அவ்விரு குழாய்களையும் 37 டிகிரி நீர்த்தொட்டிக்கு மாற்றினோம். பனியில் இருந்த குழாயில் 3 நிமிடத்தில் நிறம் மறைந்தது. 65 டிகிரியில் இருந்ததில் மேலும் 20 நிமிடம் காத்திருந்தும் மறையவில்லை. குளிரில் மடிப்பு குலையவில்லை, ஆற்றல்தான் போதவில்லை. வெப்பத்தில் குலைந்த மடிப்போ ஆறிய பின்னும் மீளவில்லை. எங்கள் அறிக்கையில் மிகவும் வலுவான சான்றாக நான் கருதுவது இதையே.

நம் ஊரைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களில் இந்த வேறுபாட்டுக்கு நேரடிப் பயன் உண்டு. குலை வெட்டி இறக்கும்போது பழம் நசுங்கினால், சதையிலுள்ள லிப்பேஸ் நொதி எண்ணெயோடு கலந்து அதைக் கொழுப்பு அமிலங்களாக உடைக்கத் தொடங்கிவிடும். எண்ணெயின் தரம் இறங்கும். ஆலைக்கு வந்த குலைகளை முதலில் அழுத்த நீராவியில் அவிப்பதற்கு, காம்பிலிருந்து பழம் எளிதாக உதிர்வதோடு லிப்பேஸை மீளாதபடி இயல்பிழக்கச் செய்வதும் ஒரு காரணம். குளிர்வித்தால் இழப்பு தள்ளிப்போகுமே தவிர நிற்காது.

37 டிகிரியை அமைலேஸின் மாறாத உகந்த வெப்பநிலை என்று இத்தரவுகளைக் கொண்டு அறுதியிட முடியாது. இயல்பிழப்பு நேரத்தோடு கூடுவதால், நொதியைச் சூட்டில் நீண்ட நேரம் வைத்தால் உச்சம் தாழ்ந்த வெப்பநிலைக்கு நகரும்; குறுகிய நேரமே வைத்தால் உயரும். மேலும், 37-க்கும் 50-க்கும் இடையே நாங்கள் ஒரு புள்ளியையும் அளக்கவில்லை. உண்மையான உச்சம் அந்த இடைவெளியிலும் இருக்கலாம். ஆதலால் அடுத்த சோதனையில் 40, 43, 46 டிகிரிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் நொதியை மாவுச்சத்துடன் கலக்கும் முன் ஒரே கால அளவு சூடாக்கி வைக்க முன்மொழிகிறோம்.