பால்குட விழா: திருத்திய அறிவிப்பு

விழாக் குழுவினருக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம். நேற்றிரவு நான் அனுப்பிய செய்தியில் “காலையில் கோயிலில் கூடவும்” என்று மட்டும் எழுதியதால், பிள்ளையார் கோயிலா அம்மன் கோயிலா என்று பலர் கேட்டிருந்தீர்கள், தவறு என்னுடையது. அதை விடுத்து இதையே கொள்ள வேண்டுகிறேன்.

2026 ஜூலை 31, வெள்ளிக்கிழமை காலை 6.30 மணிக்கு *ஊருணிக்கரைப் பிள்ளையார் கோயில்* முன்பு அனைவரும் கூட வேண்டும்.

பால்குடங்கள் 7.30 மணிக்குப் புறப்படும். 10.30 மணிக்கு இராகு காலம் தொடங்குவதால், அம்மன் கோயிலில் அபிஷேகம் 9 மணிக்கே ஆரம்பமாகிவிடும்.

வடக்குத் தெருவினர் 60 லிட்டர் பாலை 6 மணிக்குள் பிள்ளையார் கோயிலில் சேர்க்க வேண்டும்; சென்ற ஆண்டு பால் வர முக்கால் மணி தாமதமாகி, மஞ்சள் புடவையுடன் ஆச்சிமார்கள் வெயிலில் நின்றதை மறந்துவிடக் கூடாது. குடம், மஞ்சள், வேப்பிலை ஆகியவற்றைக் குழுவே தரும். வீட்டிலிருந்து எடுத்துவர வேண்டாம். தெற்குத் தெருவினர் வழியெங்கும் தண்ணீர் தெளிப்பதையும் நீர்மோர்ப் பந்தலையும் கவனிப்பார்கள். நகர விடுதியில் 12 மணிக்குத் தொடங்கும் அன்னதானத்தில் பரிமாற, வெளியூரிலிருந்து வரும் இளைஞர்கள் 11.30 மணிக்கே அங்கே இருக்க வேண்டும்.

வர இயலாதவர்கள் புதன்கிழமை இரவுக்குள் செயலாளருக்குத் தனிச் செய்தியாகத் தெரிவிக்கவும்.

— விழாக் குழுச் செயலாளர்