சமூக ஊடகத்தில் கழியும் நேரத்தை வயது, வருமானம், உந்துதல் கொண்டு கணித்தல்

ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை நிமிடங்களைச் சமூக ஊடகங்களில் செலவிடுகிறார் என்பதை அவருடைய வயது, வருமானம், உந்துதல் ஆகிய மூன்றையும் கொண்டு கணிக்க முடியுமா என்பதே நம் முன் உள்ள கேள்வி. இங்கு உந்துதல் என்பது, பிறருடன் தொடர்பில் இருக்கவும் செய்தி அறியவும் பொழுதுபோக்கவும் ஒருவருக்கு எவ்வளவு விருப்பம் உள்ளது என்று சில கேள்விகள் கேட்டு, 1 முதல் 7 வரையிலான அளவுகோலில் பெற்ற சராசரி மதிப்பெண்.

விளக்கத்துக்காக, 18 முதல் 60 வயது வரையிலான 240 பேரிடம் தரவு திரட்டியதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் அனைத்தும் கற்பனையே. முதலில் வருமானத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால், மாத வருமானம் பத்தாயிரம் கூடும்போது பயன்பாடு ஏறத்தாழ 5 நிமிடம் குறைவதாகத் தெரிகிறது. வசதி உள்ளவர்கள் சமூக ஊடகத்தை நாடுவதில்லை என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இத்தரவில் வயது கூடியவர்களே கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள். அவர்களே குறைவாகப் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் அந்த 5 நிமிடக் குறைவு வருமானத்தைச் சார்ந்ததா, வயதைச் சார்ந்ததா? இதைப் பிரித்தறியத்தான் மல்டிபிள் ரிக்ரெஷன் எனப்படும் பன்மடங்குத் தொடர்புப் போக்கு தேவைப்படுகிறது. மூன்று மாறிகளையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்தால் கிடைப்பது இது:

பயன்பாடு (நிமிடம்) = 110 − 1.8 × வயது + 0.5 × வருமானம் (பத்தாயிரங்களில்) + 15 × உந்துதல்

இந்த எண்களைக் கணினி தேர்ந்தெடுக்கும் முறை பழையது. ஒவ்வொருவருக்கும் சமன்பாடு தரும் மதிப்புக்கும் உண்மையான மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி கெழுக்கள் எனப்படும் இந்த எண்களைத் தேர்வதே மீச்சிறு வர்க்க முறை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் இதை 1805இல் வெளியிட்டார்.

முப்பது வயது, நாற்பதாயிரம் வருமானம், 5 மதிப்பெண் உந்துதல் உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டால், 110 − 54 + 2 + 75, அதாவது 133 நிமிடம் என்று சமன்பாடு கணிக்கிறது. அவர் உண்மையில் 160 நிமிடம் செலவிட்டால், எஞ்சிய 27 நிமிடத்தை இம்மூன்று மாறிகளால் விளக்க முடியவில்லை என்று பொருள். அதற்கு எச்சம் என்று பெயர்.

வயதின் கெழு −1.8 என்பதை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரே வருமானமும் ஒரே உந்துதலும் உள்ள இருவரில் ஒருவர் மற்றவரைவிட ஒரு வயது மூத்தவராக இருந்தால், அவருடைய பயன்பாடு சராசரியாக 1.8 நிமிடம் குறைவாக இருக்கும் என்பதே அதன் பொருள். இந்த “மற்றவை சமமாக இருக்கும்போது” என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் முழு முடிவும் வேறொன்றாகிவிடும். வருமானத்துக்கு அதைப் பொருத்திப் பாருங்கள்: தனியே பார்த்தபோது 5 நிமிடக் குறைவாகத் தெரிந்தது, வயதைச் சமப்படுத்தியதும் அரை நிமிடக் கூடுதலாக மாறிவிட்டது. உண்மையான கெழு இருக்கக்கூடிய வீச்சைக் காட்டும் அதன் 95 சதவீத நம்பக இடைவெளி −1.8 முதல் 2.8 வரை நீண்டு, பூச்சியத்தையும் உள்ளடக்குவதால், வருமானத்துக்குத் தனி விளைவு இருப்பதாகச் சொல்ல இத்தரவில் சான்று போதாது. விளைவே இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாகவும் கொள்ளக்கூடாது.

உந்துதலின் கெழு 15, வயதின் கெழு 1.8, ஆகவே உந்துதலே வலியது என்று முடிவுகட்டுவதும் தவறு, ஏனெனில் அலகுகள் வேறு. மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டுவது திட்ட விலக்கம். வயதின் திட்ட விலக்கம் 12 ஆண்டு, உந்துதலின் திட்ட விலக்கம் 1.2 மதிப்பெண் எனில், ஒரு திட்ட விலக்க மாற்றத்துக்கு வயது 21.6 நிமிடத்தையும் உந்துதல் 18 நிமிடத்தையும் நகர்த்துகின்றன. வயதே சற்று முந்துகிறது.

இச்சமன்பாட்டின் R² மதிப்பு 0.38. மக்களிடையே பயன்பாட்டில் காணப்படும் மாறுபாட்டில் 38 சதவீதத்தை மூன்று மாறிகளும் சேர்ந்து விளக்குகின்றன. மனிதப் பழக்கங்களை ஆராயும்போது இது குறைந்த அளவன்று என்பது என் கருத்து. எஞ்சியது வேலையின் தன்மை, நண்பர் வட்டம், ஓய்வு நேரம் முதலியவற்றில் இருக்கலாம்; பதிலளித்தவர்கள் தம் பயன்பாட்டைத் தோராயமாகச் சொன்னதால் நேர்ந்த பிழையும் அதில் அடங்கும்.

கணிக்க முடிகிறது என்பதால் காரணம் தெரிந்துவிட்டதாகாது. உந்துதல் மிகுந்தவர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்களா, அதிகம் பயன்படுத்துவதால் உந்துதல் வளர்கிறதா என்பதை ஒரே சமயத்தில் திரட்டிய தரவு பிரித்துக் காட்டாது. தரவின் எல்லைக்கு வெளியே சமன்பாட்டை நீட்டுவதும் ஆகாது: 75 வயது, நாற்பதாயிரம் வருமானம், 1 மதிப்பெண் உந்துதல் உள்ளவர் நாளொன்றுக்கு −8 நிமிடம் சமூக ஊடகத்தில் இருப்பார் என்று அது தயங்காமல் சொல்லும்.