கால் கிலோ சிறுகிழங்கு

போகியன்று காலை ஆறரைக்கே ஆச்சி மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கையில் லிஸ்ட் கிடையாது. "எழுதிட்டுப் போனா அதத்தான் தேடுவோம். கண்ணுல பட்டத வாங்கணும்ல" என்பாள். பை தூக்க நான்.

பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சிறுகிழங்குப் பொரியல் இல்லாத இலை கிடையாது. ஆனால் இந்த மார்கழிக் கடைசியில் அடித்த மழையில் வயலில் தண்ணீர் நின்று கிழங்கெல்லாம் அழுகிப்போயிருந்தது. கடை கடையாகக் கரும்பும் மஞ்சள் குலையும்தான். முருங்கைக்காய் விலையைக் கேட்டு ஆச்சி பதிலே சொல்லாமல் நடந்துவிட்டாள். நாளைக்குப் பதினாறு பேர் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள்.

குவிந்து கிடந்தது பச்சை மொச்சை ஒன்றுதான். இரண்டு கிலோ வாங்கினாள். "புளிக்குழம்புக்கு ஆச்சு. கத்தரிக்காயும் சேத்துக்கிடலாம்."

சேனைக்கிழங்குக் கடையில் மட்டும் நின்று நிதானித்தாள். வெட்டின முகத்தை நகத்தால் கீறி, கீறின இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "புதுசு. தொண்டையை அரிக்கும். பழசு இருந்தா எடு" என்றாள். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளேயிருந்து எடுத்து வந்தார். அதை வாங்கியதும் ஆச்சி முகம் தெளிந்தது.

"சேனையும் வாழைக்காயும் அவியலுக்கு. தடியங்காயில பாதி அவியலுக்குப் போவட்டும், மீதிய தயிர்ப் பச்சடி வச்சிருவோம். தேங்காய்க்கு வீட்டுல பஞ்சமில்ல."

"பொரியல்?"

"அவரைக்காய் இருக்குல்லா."

ஆச்சி சொன்னது சரிதான். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வரும் வழியில் ஒரு அம்மா சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். வெற்றிலைக்கட்டுக்குப் பக்கத்தில், சேறு காயாத சிறுகிழங்கு. ஒரு குத்து இருந்தால் அதிகம்.

"ஏட்டி, இது எவ்வளவு?"

"கால் கிலோதான் தேறும் ஆச்சி. அம்பது ரூவா."

நான் பையை இறக்கிவைத்தேன். எப்படியும் கால் மணி நேரம் பேரம் நடக்கும். ஆச்சி பேசவே இல்லை. சுருக்குப்பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"கால் கிலோவ வச்சு பதினாறு பேருக்குப் பொரியலா ஆச்சி?"

"பொரியல் யாருல கேட்டா? குழம்புல போடுதேன். தலைக்கு ஒண்ணு."

வீட்டுக்கு வந்ததும் கிழங்கைச் சாக்கில் போட்டுத் தரையில் உருட்டித் தேய்த்தாள். தோல் பாதி போனது, சேற்று வாசம் அடுப்படி வரை வந்தது. மீதித் தோலைக் கத்தியால் சுரண்டி, தண்ணீரில் போட்டு, ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"பதினேழு" என்றாள்.

"ஒண்ணு கூடுதலா இருக்கே?"

"தோல் எடுத்தவளுக்குக் கூலி வேண்டாமால?"