150 கிலோ நெத்திலிக் கருவாடு: விலை பற்றி

தங்கச்சிமடம்
24.2.2026

வணக்கம் அண்ணா,

நேற்று நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். சாம்பிள் உங்களுக்குப் பிடித்திருந்தது என்பதில் சந்தோஷம். கோயம்புத்தூரில் மூன்று கடைக்கும் எங்கள் நெத்திலியை வைக்க நினைக்கிறீர்கள் என்பது அதைவிடச் சந்தோஷம்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். கிலோ 400 ரூபாய் என்று நான் சொன்னதில் 15 சதவீதம் குறைத்து 340-க்குக் கேட்டிருக்கிறீர்கள். "அப்புறம் மாசம் ஒரு டன் போகும், அதை மனசுல வச்சுப் போடுங்க" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த 150 கிலோவை 340-க்குத் தர என்னால் முடியாது அண்ணா.

ஒரு கிலோ காய்ந்த நெத்திலிக்கு மூன்றரை கிலோ பச்சை மீன் போகிறது. இப்போது கரையில் பச்சை நெத்திலி கிலோ 80 ரூபாய். ஆக, மீனுக்கே 280 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் அலசி, பொறுக்கி, வலையில் காயப்போடும் பெண்களின் கூலி, அட்டைப்பெட்டி, ராமநாதபுரம் லாரி ஷெட் வரைக்கும் வண்டி வாடகை. இதெல்லாம் போக எனக்கு நிற்கிற காசைத்தான் நீங்கள் தள்ளுபடியாகக் கேட்கிறீர்கள். மணலில் காயப்போட்டால் கூலி கொஞ்சம் மிச்சம்தான். ஆனால் பல்லில் மண் கடிபடும், உங்கள் கடைக்கு வந்தவர் இரண்டாம் முறை வாங்க மாட்டார்.

மாதம் ஒரு டன் என்பதை நான் நம்பவில்லை என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த மாதத்திலிருந்து, எந்த ரகம், முன்பணம் உண்டா என்று எதுவும் அதில் இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் ஏலத்தில் நின்று மீன் எடுக்க முடியாது. தீபாவளிக்குப் பிறகு பெரிய ஆர்டர் என்று சொல்லி முதல் சரக்கை அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போன ஒருவர் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரியும், ஆனாலும் பட்ட பாடு இருக்கிறதே.

அளவு கூடினால் விலை குறைவது நியாயம், அதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஒரு வலைப்பாட்டை முழுசாக எடுத்தால் எனக்கும் மீன் மலிவாகக் கிடைக்கும், வண்டி வாடகையும் பிரிந்துவிடும். அதனால் இப்படிச் செய்வோம். இந்த 150 கிலோ 400 ரூபாய்க்கே வரட்டும், மொத்தம் 60,000. செப்டம்பர் 30-க்குள் நீங்கள் எடுத்த சரக்கு எல்லாம் சேர்ந்து 500 கிலோவைத் தொட்டால் விலை 385. ஒரு டன்னைத் தொட்டால் 375. அதுவும் அதற்கு மேல் எடுப்பதற்கு மட்டும் இல்லை, இந்த முதல் 150 கிலோவுக்கும் சேர்த்துத்தான். ஒரு டன் தொட்ட அன்றைக்கு இந்தச் சரக்குக்கு மட்டும் 3,750 ரூபாயை அடுத்த பில்லில் கழித்துவிடுவேன். நீங்கள் சொன்ன கணக்குப்படி போனால் இரண்டாவது மாதமே அந்த விலைக்கு வந்துவிடுவீர்கள். இதை பில்லிலேயே எழுதித் தருகிறேன்.

இப்போதே கையில் குறைந்த விலைதான் வேண்டும் என்றால் இரண்டாம் ரகம் இருக்கிறது, கிலோ 335. தலை உடைந்தது, சிறிசும் பெரிசும் கலந்தது. ருசியில் குறை இல்லை, தொக்குக்கும் பொடிக்கும் நன்றாக இருக்கும். பாக்கெட் போட்டுக் கடையில் அடுக்கினால் எடுபடாது, அதனால் முழுக்க அதையே எடுக்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயம், இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகும் கரைவலையும் இருந்தாலும், எல்லா வியாபாரியும் அதையே மொய்ப்பதால் விலை ஏறிவிடும். மே, ஜூனுக்கு உங்களுக்குப் பெரிய அளவு வேண்டுமென்றால், மார்ச் 25-க்குள் எத்தனை கிலோ என்று சொல்லி 30 சதவீதம் முன்பணம் போட்டுவிடுங்கள். நல்ல வெயிலில் காயவைத்து உங்கள் பெயரில் எடுத்து வைக்கிறேன். தடைக்காலத்திலும் மேலே சொன்ன விலைதான், ஏற்ற மாட்டேன். முன்பணம் இல்லாமல் கேட்டால் அன்றைய சந்தை விலைதான் சொல்ல முடியும்.

400 ரூபாய் விலை மார்ச் 10 வரை நிற்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் சனிக்கிழமை பெட்டி கட்டிவிடுவேன். இரண்டாம் ரகத்தில் சாம்பிள் வேண்டுமென்றால் அதே பார்சலில் அரைக் கிலோ வைக்கிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
ஜெனிட்டா