ஜெபினுக்கும் மணிகண்டனுக்கும்

ஜெபின், மணிகண்டன், அடுத்த பதிலை எழுதுமுன் இருவரும் இதை ஒருமுறை வாசிக்க வேண்டுகிறேன். பத்மநாபபுரம் அரண்மனைப் படங்களை, அங்குள்ள தாய்க்கொட்டாரம் என்ற பழைய பகுதியின் மரவேலை கண்ணைவிட்டு அகலாததால்தான் நம் குழுவில் பகிர்ந்தேன். தக்கலைக்கு அருகே நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்தக் கட்டடம் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கலாமா என்ற கேள்வி இவ்வளவு சூடேறும் என்று நினைக்கவில்லை.

1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைவதற்கு முன் அந்த இணைப்புக்காக நடந்த போராட்டத்தையும், துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்களையும் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்த மணிகண்டனுக்கு இது வெறும் நிர்வாகச் சிக்கலாகத் தோன்றாது. மரக்கட்டடத்தைக் கரையானிடமிருந்தும் மழை ஈரத்திடமிருந்தும் காப்பது எத்தனை பாடு என்பதைத் தச்சரான அப்பாவின் அருகிலிருந்து பார்த்த ஜெபின், பராமரிப்பு தடைபடக்கூடாது என்று முதலில் கவலைப்படுவதில் ஊர்ப்பற்றுக் குறைவு ஏதும் இல்லை. இருவரும் ஒரே அரண்மனையைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், ஆனால் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

நேற்றிரவு பதினொன்றுக்குப் பிறகு வந்த சொற்கள்தான் எனக்கு வருத்தம். 'விலைபோனவன்', 'வெறியன்' இரண்டையும் எழுதியவர்களே நீக்கிவிடுங்கள். நான் நீக்கினால், எதை முதலில் நீக்கினேன் என்று அடுத்த சண்டை வரும்.

மிச்சத்தை நேரில் பேசலாம். சனிக்கிழமை மூவரும் அரண்மனைக்கே போவோம். திங்கட்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை.